ஸ்கேன் சீட்டில் ஒரு கேள்வி எழுதுங்கள்: செட்டிநாட்டு டூட்டி டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்து மருத்துவமனைகளில் இரவும் பகலும் டூட்டி பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடன் போனில் பேசியிருக்கிறேன், சிலரைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் எடுத்து அனுப்பும் சி.டி. படங்களுக்குக் காரைக்குடியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நான். ஒரு மாலை நேரத்தில் என் திரையில் முப்பது, நாற்பது ஸ்கேன்கள் வரிசையில் நிற்கும். எதை முதலில் திறப்பது என்று முடிவு செய்ய என்னிடம் இருப்பது நீங்கள் எழுதி அனுப்பும் அந்த ஒரு சீட்டுதான். நோயாளியின் முகமோ அவர் வலியில் முனகுவதோ எனக்குத் தெரியாது.

போன ஆண்டு வந்த ஒரு சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: “74 வயது, பெண். வயிற்று வலி. சி.டி. வயிறு. அவசரம்.”

அன்று வரிசையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் “அவசரம்” என்றுதான் வந்திருந்தன. மூன்று நாளாக வயிற்று வலி உள்ள இளைஞருக்கும் அவசரம், சிறுநீரகக் கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கும் அவசரம். நான் வந்த வரிசைப்படி திறந்துகொண்டு போனேன். அந்த ஆச்சியின் படம் இரவு 8 மணிக்கு வந்தது. நான் திறந்தபோது 10.20.

எஸ்.எம்.ஏ. என்று நாம் சொல்கிற, சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில், அது தொடங்கும் இடத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, வெள்ளையாகத் தெரிய வேண்டிய குழாய்க்குள் கறுப்பாக ஓர் அடைப்பு. இதயத்திலிருந்து புறப்பட்டு வந்த ரத்தக்கட்டி பெரும்பாலும் வந்து சிக்குகிற இடம் அது. உடனே போனை எடுத்தேன்.

டூட்டி டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சார், ஆச்சி மத்தியானம் 2 மணி வரைக்கும் நல்லா இருந்தாங்களாம். திடீர்னு ஆரம்பிச்ச வலி. கையை வச்சுப் பார்த்தா வயிறு மெத்துன்னுதான் இருக்கு, ஆனா அவங்க துடிக்கிறாங்க. பல்ஸ் ஒழுங்கா இல்லை. அதான் எனக்கே ஒரு சந்தேகம்.” அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். பிள்ளைகள் சிங்கப்பூரில், அந்தப் பெரிய வீட்டில் ஆச்சிக்குத் துணை ஒரு பெண் மட்டும்தான். அவர் மஞ்சள் பையில் மாத்திரைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அட்டையில் கடைசி ஆறு மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன. பல் பிடுங்குவதற்காக நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்கவில்லை.

நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாமே அந்த டாக்டரிடம் மாலை 6 மணிக்கே இருந்தது. திடீர் வலி, மெத்தென்ற வயிறு, சீரற்ற நாடி, நின்றுபோன மாத்திரை. அவர் கெட்டிக்காரர், சரியாகத்தான் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் மட்டும் சீட்டில் ஏறவில்லை.

அதனால் என்ன ஆனது என்று நேரக் கணக்கோடு சொல்கிறேன். வரிசையில் தாமதமானது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன்பே ஸ்கேன் அறையில் நடந்தது பலருக்குத் தெரியாது.

“வயிற்று வலி” என்று மட்டும் வந்தால் டெக்னீஷியன் வழக்கமான முறையில்தான் படம் எடுப்பார். அந்த சென்டரின் வழக்கப்படி, கான்ட்ராஸ்ட் மருந்து கலந்த தண்ணீரை பாட்டிலில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். ஆச்சி வலியோடு குடித்தார், பாதியை வாந்தி எடுத்தார், மறுபடி குடித்தார். அதற்கே 7.30 ஆகிவிட்டது. பிறகு கை நரம்பில் கான்ட்ராஸ்ட் செலுத்தி, சுமார் 70 நொடி கழித்து ஒரே ஒரு தடவை படம் எடுத்தார்கள். கல்லீரலையும் பொதுவாக வயிற்றையும் பார்க்க அது நல்ல நேரம். ஆனால் தமனிகளைப் பார்க்க வேண்டுமானால் மருந்து ஏறி ஏறத்தாழ 30 நொடியில், அது தமனிக்குள் மட்டும் நிறைந்திருக்கும்போதே, ஒரு தடவை எடுக்க வேண்டும். அப்புறம் 70 நொடியில் இன்னொரு தடவை எடுத்தால் குடல் சுவருக்கு ரத்தம் போகிறதா என்றும், சிரைகள் எப்படி இருக்கின்றன என்றும் தெரியும்.

குடிக்கக் கொடுத்த மருந்து இன்னொரு கெடுதலும் செய்தது. குடலின் உள்ளே எல்லாம் வெள்ளை வெளேர் என்று நிறைந்திருந்தது. குடல் சுவர் ரத்தம் ஏறிப் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதா, ரத்தமில்லாமல் மங்கிக் கிடக்கிறதா என்பதுதான் அந்த நேரத்தில் அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டியது. உள்ளே இருந்த வெள்ளை அதை மறைத்துவிட்டது. அடைப்பை என்னால் சொல்ல முடிந்தது. எவ்வளவு குடல் உயிரோடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிளைத் தமனிகளில் சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கின்றனவா என்பதையும் 70 நொடிப் படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

எஸ்.எம்.ஏ. முழுதாக அடைத்துக்கொண்டால் ஏறத்தாழ 6 மணி நேரத்திலேயே குடல் மீள முடியாத நிலைக்குப் போகத் தொடங்கலாம். வலி தொடங்கியது மதியம் 2 மணி. நான் போன் செய்தது 10.30, அதாவது எட்டரை மணி நேரம் கழித்து. சீட்டில் கேள்வி இருந்திருந்தால் குடிக்கும் மருந்தே கொடுக்காமல் 6.20க்குப் படம் எடுத்திருப்பார்கள், நான் 6.45க்குள் போன் செய்திருப்பேன். மதுரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பும்போது ஐந்து மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மதுரையில் நள்ளிரவில் வயிற்றைத் திறந்தார்கள். சிறுகுடலில் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் ஆச்சி போய்விட்டார். சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தாலும் பலர் இறந்துபோகிற நோய் அது. ஆனால் அந்த மூன்றே முக்கால் மணி நேரம் அவருக்குச் சேர வேண்டியது. என் பங்கும் இதில் உண்டு. 74 வயது, வயிற்று வலி என்று பார்த்ததும் நானே போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சீட்டு எப்படி இருந்திருக்கலாம்? நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். தமிழில் சொன்னால் இப்படி:

“74 வயது பெண். இன்று மதியம் 2 மணிக்குத் திடீரென்று தொடங்கிய கடும் வயிற்று வலி, வயிறு மென்மையாக இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு, ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை 6 நாளாக இல்லை. எஸ்.எம்.ஏ.வில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா? குடல் சுவருக்கு ரத்தம் போகிறதா? அடைப்பு இருந்தால் உடனே மதுரைக்கு அனுப்புவேன். என் போன் எண் இது.”

எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. “எஸ்.எம்.ஏ.” என்ற சொல்லைப் பார்த்ததுமே டெக்னீஷியன் குடிக்கும் மருந்தை ஒதுக்கிவிட்டு 30 நொடி, 70 நொடி என்று இரண்டு தடவை எடுப்பார், அல்லது என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். “மதியம் 2 மணி” என்பதைப் பார்த்ததும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு இதைத் திறப்பேன். “உடனே அனுப்புவேன்” என்பது முழு ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் போனில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிவிக்கும். அவசரம் என்ற சொல்லால் இதில் எதுவும் நடக்காது.

லாக்டேட் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் நார்மலாக இருப்பதால் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள், தொடக்கத்தில் அது ஏறாமலே இருக்கலாம். கிரியாட்டினின் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். வழக்கமான ஸ்கேனுக்கு அது வேண்டும்தான். குடல் தமனி அடைப்பு என்று உண்மையாகவே சந்தேகப்பட்டால் அந்த ரிசல்ட்டுக்காகப் படத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். சிறுநீரகத்துக்கு வரக்கூடிய கெடுதலைவிடத் தாமதத்தால் வரும் கெடுதல் பெரிது. முன்பு கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை வந்ததா என்பதை மட்டும் கேட்டு எழுதிவிடுங்கள்.

கேள்வி என்று வரும்போது சிலர் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். “அப்பெண்டிசைட்டிஸ், கணைய அழற்சி, குடல் அடைப்பு, கல், கட்டி இருக்கிறதா?” என்று எல்லாவற்றையும் அடுக்கினால், எழுதாததற்குச் சமம். உங்கள் மனதில் முதலில் நிற்பது எது, எதைத் தவறவிட்டால் ஆபத்து, இந்த இரண்டும் போதும். ஒரு நோய்ப் பெயரும் மனதில் வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்: “காரணம் தெரியவில்லை, ஆனால் பரிசோதனையில் தெரிவதைவிட வலி மிக அதிகம்.” அந்த ஒரு வரியே எனக்குப் பெரிய துப்பு. கேள்வியில் இல்லாததை நான் பார்க்காமல் விட்டுவிடுவேன் என்றும் பயப்பட வேண்டாம், முழு வயிற்றையும் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுகிறோம். ஆனால் படம் சீக்கிரம் வர வேண்டும் என்பதற்காக இல்லாத சந்தேகத்தை எழுதாதீர்கள். அதற்காக நான் தள்ளி வைக்கும் இன்னொரு படம் இப்படி ஓர் ஆச்சியுடையதாக இருக்கலாம்.

சீட்டு ஏன் இப்படி வெறுமையாக வருகிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் படுக்கை பக்கத்தில் நின்று “சிஸ்டர், ஒரு சி.டி. வயிறு அனுப்புங்க” என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடுகிறீர்கள். கேஸ் ஷீட்டின் முதல் வரியைப் பார்த்து சிஸ்டர் எழுதுகிறார், அங்கே “வயிற்று வலி” என்றுதான் இருக்கிறது. உங்கள் மூளையில் இருப்பதை அவரால் எழுத முடியாது. அதனால் கேள்வி வரியை மட்டும் நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். பெயர், வயது, வார்டு எல்லாம் யார் எழுதினாலும் சரி.

வரும் திங்கள் முதல் நான் ரிப்போர்ட் செய்யும் எல்லா சென்டர்களிலும் டெக்னீஷியன்களிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். 60 வயதுக்கு மேல், வயிற்று வலி, கேள்வி இல்லை என்று சீட்டு வந்தால், குடிக்கும் மருந்து பாட்டிலைத் திறக்கும் முன் உங்களுக்கு ஒரு போன் வரும். வலி எப்போது தொடங்கியது, நாடி சீராக இருக்கிறதா, எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் ரேடியாலஜிஸ்ட்