‘சுவாரஸ்யம்’, ‘போர் அடித்தது’: வேறு எப்படி எழுதச் சொல்வது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய நூல் விமர்சனங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். ‘சுவாரஸ்யமாக இருந்தது’, ‘போர் அடித்தது’ இரண்டையும் விட்டால் இவர்களுக்கு வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது, மாற்றுச் சொற்களாக ஒரு பட்டியல் கொடு, சார்ட்டில் எழுதி ஒட்டுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள்.

பட்டியல் தர எனக்கு மனசில்லை, அக்கா. சார்ட்டை ஒட்டிய மறுவாரமே ‘சுவாரஸ்யம்’ இருந்த இடத்தில் எல்லாம் ‘விறுவிறுப்பு’ வந்து உட்காரும். கவிதைத் தொகுப்பும் விறுவிறுப்பு, பறவைகளைப் பற்றிய புத்தகமும் விறுவிறுப்பு என்று எழுதுவார்கள். ‘போர்’ என்பது ‘சலிப்பூட்டியது’ ஆகும். தமிழ் கொஞ்சம் சுத்தமாகியிருக்கும். பிள்ளை அந்தப் புத்தகத்தில் என்ன பார்த்தது என்பது மட்டும் அப்போதும் தெரியாது.

இரண்டு சொல்லும் படித்தவருடைய மனநிலையைச் சொல்கின்றன. அந்த மனநிலை வரக் காரணம் புத்தகத்துக்குள் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடிப் போக வைத்துவிட்டால் சொல் தானாக வரும்.

நீங்கள் அனுப்பியதில் பொன்னியின் செல்வன் முதல் பாகத்துக்கு ஒரு பெண் எழுதியிருந்தாளே, அதையே எடுத்துக்கொள்வோம். “முதலில் போர் அடித்தது. அப்புறம் சுவாரஸ்யமாக இருந்தது. கல்கியின் நடை அருமை. அனைவரும் படிக்க வேண்டிய நூல்.” நாலு வரி. புத்தகத்தின் பெயரை மாற்றிவிட்டால் எந்த நாவலுக்கும் பொருந்தும். ஆனால் ‘முதலில்’, ‘அப்புறம்’ என்று பிரித்திருக்கிறாள் பாருங்கள், அந்த இரண்டு சொல்லில் ஒரு நல்ல விமர்சனம் ஒளிந்திருக்கிறது. அவளைக் கூப்பிட்டு, “எந்த இடத்தில் மாறியது?” என்று மட்டும் கேளுங்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தே கேளுங்கள். ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னால் மறுபடியும் பொதுவாகத்தான் பேசுவாள், பக்கத்தைப் புரட்டினால் சரியான இடத்தில் விரலை வைப்பாள்.

அவள் விரல் எங்கே நிற்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கடம்பூர் மாளிகையில் நடக்கும் நடுநிசிக் கூட்டமாக இருக்கும். அதுவரை என்ன நடக்கிறது? ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். ஏரியின் வர்ணனை வருகிறது, பழுவேட்டரையரின் ஆட்கள் வருகிறார்கள், ஆழ்வார்க்கடியான் சைவரோடு சண்டை பிடிக்கிறான். யார் யாருடைய ஆள் என்று பிடிபடுவதற்குள் பெயர்கள் குவிந்துவிடுகின்றன. சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்ற வாக்குவாதம் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பக்கமும் ஒட்டாது. ஆக அவளுடைய ‘போர்’ இரண்டு வேறு விஷயங்கள்: பெயர்கள் குழப்பின, சண்டை எதற்கென்று விளங்கவில்லை. கூட்டத்தில் என்ன மாறுகிறது? பெரிய மனிதர்கள் அடுத்த அரசர் யார் என்று ரகசியமாகப் பேசுகிறார்கள். அதை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான், அவனோடு நாமும் கேட்கிறோம். மாட்டிக்கொண்டால் என்ன ஆவான் என்ற பயம் நமக்கும் வருகிறது.

இதையெல்லாம் அவள் வாயாலேயே சொல்ல வைத்து எழுதச் சொன்னால் இப்படி வரலாம்: “முதல் சில அத்தியாயங்களில் நிறையப் பெயர்கள் வருவதால் யார் யார் பக்கம் என்று தெரியாமல் திணறினேன். ஆழ்வார்க்கடியானின் சண்டை எனக்குப் புரியவில்லை. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கும் இடத்திலிருந்து புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அவன் மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருந்தது.” இதில் கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை. திணறினேன், புரியவில்லை, பயமாக இருந்தது, எல்லாம் அவள் தினமும் பேசுகிற பேச்சு.

‘கல்கியின் நடை அருமை’ என்பதை விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் பின்னட்டையிலிருந்தோ கோனார் உரை வாசனையோடோ வருகிற வரி. “அத்தியாயம் எப்படி முடிகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பல அத்தியாயங்கள் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிற்கும். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை அது, அடுத்த வாரம் வாசகர் திரும்பி வர வேண்டும். இந்தக் காரணத்தைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லலாம். ஆனால் ‘பாதியில் நிற்கிற மாதிரி முடிகிறது’ என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். முன்னால் நடந்ததை ஆசிரியர் மறுபடி எடுத்துச் சொல்வதும், வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவதும் இதே காரணத்தால்தான். ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அந்த இடங்கள் இழுவையாகத் தோன்றுவது நியாயம். ஒரு பிள்ளை அப்படி எழுதினால் கல்கியைக் குறை சொல்லலாமா என்று அதட்டிவிடாதீர்கள். அதுதான் விமர்சனம்.

மற்ற தாள்களில் ‘போர்’ என்று வந்த இடங்களைப் பார்த்தபோது, பெரும்பாலும் நாலைந்து காரணங்களில் ஏதோ ஒன்றுதான் இருக்கிறது. சொற்கள் புரியவில்லை. கதை நகரவில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு அறிவுரை சொல்கிறார். நான்காவதுதான் சிறுவர் நூல்களில் அதிகம், பிள்ளைகள் துணிந்து எழுதாததும் அதைத்தான். டீச்சர் கொடுத்த புத்தகத்தில் அறிவுரை அதிகம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது, அக்கா. அதனால் ‘போர்’ என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று சமாதானமும் செய்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தாளில் வந்தால், சொல்ல வந்ததைப் பிள்ளை முழுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘சுவாரஸ்யம்’ இன்னும் கஷ்டம். சிரிப்பு வந்தாலும் அதே சொல், அடுத்து என்ன என்ற தவிப்புக்கும் அதே சொல், தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டாலும் அதே சொல்தான். கதைப் புத்தகம் இல்லையென்றால், “நேற்று வரை தெரியாமல் இருந்து இதில் தெரிந்துகொண்டது என்ன?” என்று கேளுங்கள். கதை என்றால், “யாரிடமாவது சொல்லணும்போல் இருந்த இடம் எது?” என்று கேட்டால் போதும். ‘பிடித்த பாத்திரம் யார்?’ என்பதை மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் கதாநாயகன் பெயரை எழுதிவிட்டு, ஏனென்றால் அவர் நல்லவர் என்று முடித்துவிடுகிறார்கள்.

திருத்தும்போது இந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். அடித்தால் அடுத்த முறை வேறு சொல்லைத் தேடுவார்களே தவிர, புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் ‘எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள், பக்க எண்ணோடு ஒரு வரி சேர்த்துக்கொண்டு வரட்டும். நாற்பது பேருக்கும் ஒரே வாரத்தில் முடியாது, வாரத்துக்கு எட்டுப் பத்துத் தாள் பார்த்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையே வேண்டாம். மெலிந்த படப் புத்தகத்துக்கு ‘நல்லா இருந்தது, அந்த யானை படம் பிடிச்சது’ என்று எழுதினால் அங்கே எல்லாமே வந்துவிட்டது.

பாதியில் மூடி வைத்த புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதலாம் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள், எந்தப் பக்கத்தில் மூடினார்கள் என்று எழுதினால் சரி. அடுத்த கட்டுத் தாள்களில் அந்த மாதிரி இரண்டு இருந்தாலும் முதலில் அவற்றை அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி