தக்காளிப் பெட்டிக் கணக்கு

ஆசிரியருக்கு,

தக்காளி விலை குறித்த உங்கள் கட்டுரை, தோட்டத்து விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் இடைத்தரகர் லாபமாகவே பார்க்கிறது. நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு என்று 2024இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. மீதியில் கமிஷன், ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பங்கு யார் பைக்கும் போகாமல் குப்பைக்குப் போகிறது.

உதாரணமாக, சில்லறைக் கடைக்காரர் 15 கிலோ பெட்டியைக் கிலோ 28 ரூபாய் வீதம் 420 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 ரூபாய்க்கு முழுதும் விற்றால் 180 ரூபாய் மிஞ்சும். இரண்டு கிலோ நசுங்கி, ஒரு கிலோ தளர்ந்து பாதி விலைக்குப் போனால் கைக்கு வருவது 500; மிச்சம் 80 ரூபாய்தான். கடை வாடகையும் ஆட்டோ கூலியும் அதற்குள் அடங்க வேண்டும். மறுநாள் அவர் மண்டியில் குறைத்துக் கேட்பார், அல்லது கடையில் ஏற்றி விற்பார்.

நசுங்குவது பெரும்பாலும் பெட்டியை நிரப்பும்போதே முடிவாகிவிடுகிறது. பிளாஸ்டிக் கிரேட்டை அடுக்கினால் மேல் பெட்டியின் பாரம் கீழ்ப் பெட்டியின் சுவரில் இறங்க வேண்டும். கோபுரமாகக் குவித்தால் அது பழத்தின் மேல் இறங்குகிறது. ஒரு பக்கம் தட்டையாகி, மறுநாள் அங்கே நீர் கோத்தால் அது இந்தக் கோளாறு. அரைகுறையாக நிரப்பினாலும் ஆபத்துதான்: லாரியின் பின்பக்கத்து மேலடுக்கில் பழங்கள் குதித்து உரசித் தோல் மங்கிவிடும். நிரப்பியதும் பெட்டியை லேசாகக் குலுக்கி, பழம் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி விட்டால் போதும். காம்பையும் கிள்ளிவிட வேண்டும்; காய்ந்த காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தினால் அந்த ஓட்டையிலிருந்தே அழுகல் தொடங்கும்.

ராயக்கோட்டையிலிருந்து கோயம்பேடு போகும் சரக்குக்கு, முழுச் சிவப்புக்கு முன், நிறம் திரும்பும்போதே பறிப்பது நல்லது. பறித்ததை வெயிலில் விடாமல் நிழலில் சூடு ஆறவைத்து ஏற்ற வேண்டும். தார்ப்பாயை நாலா பக்கமும் இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கும். முன்னாலும் பின்னாலும் காற்றுக்கு வழி விடலாம்.

இவையெல்லாம் விவசாயிக்குத் தெரியாததல்ல. பெட்டிக் கணக்கில் ஏலம் போகும் இடத்தில், குவித்த பெட்டிக்குத்தான் கூடுதல் விலை கேட்கிறார்கள். தலைதட்டி நிரப்பியவர் ஏமாளி ஆகிறார். எடை போட்டு, கிலோவுக்கு விலை பேசினால் குவிக்க வேண்டிய அவசியமே இருக்காது. கிரேட்டுக்கு முன்பணம் வாங்கி, காலிப் பெட்டியைக் கழுவித் திருப்பித் தரும் ஏற்பாடும் கூடவே வேண்டும். கிரேட் திரும்பி வராத மண்டிக்கு யாரும் நல்ல கிரேட்டில் அனுப்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி