பாதுகாப்புத் தரவுத் தாளின் தமிழாக்கப் பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்: பாதுகாப்பு அலுவலர், சோப்புத் தொழிற்சாலை
பெறுநர்: மேலாளர், மொழிபெயர்ப்பு நிறுவனம்

பொருள்: சோடியம் ஹைட்ராக்சைடு தரவுத் தாளைத் திரும்பப் பெற்றுத் திருத்தித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

காஸ்டிக் சோடா எனத் தொழிலாளர்கள் அழைக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு செதில்களுக்கான தரவுத் தாளை நீங்கள் தமிழாக்கி அனுப்பியிருந்தீர்கள். 16 பிரிவுகளும் முழுமையாக இருந்தாலும், அதைக் கலவைத் தொட்டியின் அருகே ஒட்ட என்னால் ஒப்புதல் அளிக்க இயலவில்லை.

2ஆம் பிரிவில் H314 என்ற குறியீட்டுக்கு எதிரே "தோலில் எரிச்சலை உண்டாக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறியீட்டின் பொருள், தோலைக் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கும், கண்களைச் சேதப்படுத்தும் என்பதாகும். நீங்கள் எழுதியது H315 என்ற வேறொரு குறியீட்டுக்குரிய வாக்கியம். மேலும், "அபாயம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைந்த நிலையைக் குறிக்கும் "எச்சரிக்கை" என்ற சொல் வந்துள்ளது. எரிச்சல் என்று படிக்கும் தொழிலாளி, எரியத் தொடங்கிய பிறகு கழுவிக்கொள்ளலாம் என்றே எண்ணுவார். காரம் பட்டவுடன் வலி தெரியாமலும் போகலாம். வலிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அது தோலுக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

7ஆம் பிரிவில் உள்ள பிழை இதைவிடக் கடுமையானது. செதில்களைத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், செதில்களின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது மூலத்தில் உள்ள அறிவுரை. உங்கள் தாளிலோ "செதில்களில் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும்" என்று இருக்கிறது. "இல்" என்ற வேற்றுமை உருபு எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதில்தான் இங்கே வேலையின் வரிசையே அடங்கியிருக்கிறது. குவிந்த செதில்களின் மேல் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால், கரையும்போது பிறக்கும் வெப்பம் பரவ இடமின்றி அந்த நீர் கொதித்து, கார நீர் முகத்தில் தெறிக்கும். அச்சிடும் முன் தாளை உரக்கப் படித்துக் காட்டியபோது, பல ஆண்டுகளாகத் தொட்டியில் வேலை செய்யும் ஒருவர், "ஐயா, நாங்கள் செய்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?" என்று கேட்டதால்தான் இது என் கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால், தாளில் உள்ளபடியே செய்திருப்பார்.

4ஆம் பிரிவில், விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்ற வாக்கியம் விடுபட்டுள்ளது. வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்பது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வாந்தியோடு மேலே வரும் காரம் உணவுக்குழாயை இரண்டாம் முறையும் புண்ணாக்கும்.

இந்தத் தாளை உடனே திரும்பப் பெற்று, ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே தமிழ் வாக்கியத்தை வரையறுத்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தி, கட்டணமின்றித் திருத்தித் தருமாறு கோருகிறேன். மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழிலிருந்து அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். வேதியியல் அறிந்த ஒருவர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். இதே வாக்கியங்களை வேறு வாடிக்கையாளர்களுக்கும் கொடுத்திருந்தால், அவர்களுக்கும் இன்றே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பாதுகாப்பு அலுவலர்