காலாண்டுத் தேர்வுத் தமிழ் விடைத்தாள் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைக் கொடுத்த மறுநாளே சிலர் என்னைப் பார்க்க வந்தீர்கள். "சரியாகத்தான் எழுதியிருக்கிறான், மதிப்பெண் ஏன் இல்லை?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அதில் ஒரு தாளை நானும் தமிழாசிரியையும் சேர்ந்து மறுபடி படித்தோம்.

கடலுக்கு வேறொரு பெயர் கேட்டிருந்தோம். மாணவன் எழுதியது 'பரவை'. ஆசிரியை படித்தது 'பாவை'. அச்சில் 'ர'வின் அடியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் சிறு கோடு இருக்கும். துணைக்காலுக்கு அது கிடையாது. அவசரத்தில் எழுதும்போது முதலில் தொலைவது அந்தக் கோடுதான். அந்த ஒரு சொல்லை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் தீராது என்று அவனுடைய மற்றப் பக்கங்களைப் புரட்டினோம். 'காலம்', 'பாடல்' என்று எழுதிய இடங்களில் கால் வரியோடு நின்றுவிடுகிறது. 'மரம்', 'அரசன்' ஆகியவற்றில் 'ர' வரிக்குக் கீழே கொஞ்சம் இறங்குகிறது. 'பரவை'யிலும் இறங்கியிருந்தது. பிழை எங்களுடையது, மதிப்பெண்ணைச் சேர்த்துவிட்டோம்.

இரண்டையும் ஒன்றுபோலவே எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாமே என்றார் ஒரு அம்மா. தாள் கைக்கு வந்தபின் சரியான விடை எல்லாருக்கும் தெரியும், அதனால் அது பயன்படாது. கேள்விக்குப் பொருந்தும்படி படிக்க முடிந்தால் மதிப்பெண் கொடுத்து, ஓரத்தில் 'ர?' என்று குறித்துவிடுகிறோம். உங்கள் பிள்ளையின் தாளில் அந்தக் குறி இருந்தால் கவனியுங்கள்.

எழுத்தே கேள்வியாக இருக்கும் இடத்தில் மட்டும் இந்தச் சலுகை இல்லை. 'மல்லிகை மனம் வீசியது' என்பதைப் பிழை நீக்கி எழுதச் சொன்னோம். மூன்று சுழி போட வேண்டும் என்பதுதான் அங்கே விடையே. இரண்டு சுழியும் ஒரு நெளிவுமாக எழுதியதை 'ண' என்று நாங்களாக எடுத்துக்கொள்ள முடியாது.

'கோயில்', 'கோவில்' இரண்டும் சரி. 'கருப்பு', 'கறுப்பு' இரண்டையும் ஏற்கிறோம். 'பழம்' 'பளம்' ஆனால் அது பிழைதான். ஒரு மாணவி 'லை', 'னை' எழுத்துகளைத் துதிக்கை போட்டு எழுதியிருந்தாள், பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அப்படித்தான் அச்சடித்தார்கள். அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, ஆனால் பாடநூலில் உள்ள வடிவத்துக்கு அவள் மாறிக்கொள்வது நல்லது.

மறுபார்வை வேண்டுவோர் வெள்ளிக்கிழமைக்குள் விடைத்தாளை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஐயமுள்ள சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டால் போதும்; எழுத்தின் மேல் திருத்தி எழுதிய தாளை மறுபடி பார்க்க இயலாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்