ஃப்ளெக்ஸுக்கு வாசகம் கொண்டுவரும் சங்கத்தாருக்கு

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நலத்திட்ட உதவி விழா நடத்தும் சங்கங்களின் தலைவர், செயலாளர், விழாக்குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

தெற்குமாசி வீதிப் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். நோட்டீஸ், அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், ஃப்ளெக்ஸ் எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தான். 'ஏழை எளிய', 'ஆதரவற்ற', 'கண்ணீர் துடைக்கும்', 'வாழ்வில் ஒளியேற்றும்' என்ற நாலையும் டைப் அடித்து அடித்து என் விரலே தானாக அடிக்கப் பழகிவிட்டது. நானும் அதற்கு உடந்தை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சங்கத்துச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், பேர் வேண்டாம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண்களுக்கும், பூக்கட்டுகிற பெண்களுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வசூல் தொடங்குகிறார்கள். தொடக்க விழாவுக்குப் பத்துக்கு ஆறில் ஒரு ஃப்ளெக்ஸ். அவர் எழுதி வந்த வாசகம் இது: 'இருளில் வாடும் ஏழைத் தாய்மார்களுக்குப் பார்வை வழங்கும் மாபெரும் புனிதத் திட்டம்.' கூடவே வாட்ஸப்பில் ஒரு படம். ஒரு பெண் முகத்தைச் சுருக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் தெரு முனையில் பூக்கட்டுகிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அவரிடம்தான் இரண்டு முழம் வாங்குகிறேன். மனசு கேட்கவில்லை, மாதிரியை ஏ4 தாளில் எடுத்துக்கொண்டு அவரிடமே போய் நீட்டினேன். வாங்கி, கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்படியும் பிடிபடாமல், பக்கத்தில் இருந்த பையனை வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வாழைநாரைக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

"ஏந்தம்பி, நான் எப்ப இருட்டுல வாடுனேன்? என் மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். ஆத்தாளுக்குக் கண்ணு தெரியாதுன்னு நடுத்தெருவுல போர்டு வச்சா, எவன் பொண்ணு குடுப்பான்? அதுசரி, பூக்கட்டுறவளுக்குன்னு சொல்றீக, படத்துல என் கையவே காணோமே?"

படத்தை வெட்டும்போது கையை வெட்டியிருந்தார்கள். முகத்துச் சுருக்கம் மட்டும் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அவருக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நம் வீடுகளில் சாளேஸ்வரம் என்போமே, அதுதான். நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பதற்குத் தக்கபடி வளைந்து கொடுக்காமல் போகிறது. இது எல்லோருக்கும் வருவது. மேடையில் வரவேற்புரைத் தாளைக் கை நீட்டிப் படிக்கும் உங்கள் தலைவருக்கும் அதுதான். அவர் சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறது, அந்தம்மாவிடம் இல்லை. நடுவில் நிற்பது சில நூறு ரூபாயும், பரிசோதனைக்குப் போய்வர ஒரு நாள் கூலியும். இதை அப்படியே சொன்னால், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வரிசையில் நிற்கும் விஷயம் இது என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். இருள், ஒளி, பார்வை வழங்குதல் என்று போனால், தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைத் தெளிவாக வாசிக்கிற ஒருவரைப் பார்வையற்றவராக ஊருக்கு அறிவித்துவிடுகிறோம்.

இன்னொன்று. பயந்துபோய் 'கிட்டப்பார்வைக் கண்ணாடி' என்று மாற்றிக்கொண்டு வராதீர்கள். கிட்டப்பார்வை என்பது தூரத்தில் தெரியாமல் போவது; நேர் எதிர். ஒரு ஃப்ளெக்ஸில் நானே அப்படி அடித்துக் கொடுத்து, முகாமுக்கு வந்த டாக்டர் சிரித்திருக்கிறார்.

சரி, மிகைப்படுத்தலுக்கு வருவோம். 'ஒரே நாளில் அனைவருக்கும் கண்ணாடி', 'இனி கண் பிரச்னை என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று அடிக்கச் சொல்கிறீர்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கடையில் தயாராக இருப்பதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது பாதி உண்மைதான். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்து, வேறு கோளாறு இல்லாதவருக்கு அது போதும். ஆனால் சாதாரணமாகப் பரிசோதிக்கும்போது புத்தகம் படிக்கிற தூரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்குத்தான் பவர் பார்ப்பார்கள். மடியில் வைத்துப் பூக்கட்டுகிறவருக்கு அது சரியாக இருக்கும். சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர் துணியை நகத்தால் கடுகளவு கிள்ளி, அதன்மேல் நூலைச் சுற்றி இறுக்குகிறார். துணி மூக்குக்கு ஓர் அடிக்குள்ளேதான் இருக்கும். அவருக்குப் பவர் கூட வேண்டும். பரிசோதனைக்கு வரும்போது முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் துணியையே எடுத்துவரச் சொன்னால் இது தெரிந்துவிடும். கூடுதல் பவர் போட்டால் எதிரே வருகிற ஆள் மங்கலாகத் தெரிவார், எழுந்து நடக்கும்போது கழற்றிவிட வேண்டும். வயது ஏற ஏறப் பவரும் மாறும். சில வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்கத்தான் வேண்டும். 'புதுப் பார்வை' என்று மேடையில் அறிவித்துவிட்டால், கண்ணாடி போட்டுப் படியிறங்கும்போது தடுமாறுகிறவர் குறை தன்மேல்தான் என்று நினைத்து அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

படித்த இளைஞர் ஒருவர் அந்த சங்கத்தில் இருக்கிறார். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஓர் ஆய்வை எடுத்து வந்தார். 2018-ல் வெளியானது. நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களில் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக இலை பறித்திருக்கிறார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர் கேட்டது, 'வருமானம் 22 சதவீதம் உயரும்' என்று ஃப்ளெக்ஸில் போட. தேயிலை பறிப்பதற்குக் கிடைத்த கணக்கைத் தூக்கி சுங்குடி முடிச்சின்மேல் எப்படி வைப்பது? முடிச்சு வேகமாகப் போட்டாலும் கூடுதல் துணி கொடுத்தால்தானே கூலி கூடும். கொடையாளர் யாராவது கேட்டால் அசாமில் இப்படி நடந்தது என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்.

கடைசியில் நானும் செயலாளரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதி, அந்தம்மாவுக்கும் முடிச்சுப் போடுகிற இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டி அடித்த நோட்டீஸ் இது:

'மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் 160 பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி செய்துகொடுக்க வசூல் தொடங்குகிறோம். வெள்ளெழுத்து நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது. கிட்டத்தில் வைத்துச் செய்யும் வேலைக்கு அது பெரிய தடை. பரிசோதனை, கண்ணாடி, ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை சேர்த்து ஒருவருக்கு 450 ரூபாய். மொத்தம் 72,000 ரூபாய் வேண்டும். சங்க உறுப்பினர்கள் 31,000 கொடுத்திருக்கிறோம். கண்புரை முதலியவை தெரிந்தால் கண் மருத்துவமனைக்கு அனுப்புவோம். அந்தச் செலவு இதில் சேராது. பணம் மிஞ்சினால் அடுத்த வருடத்துக் கண்ணாடிக்கு.'

'தடை' என்ற இடத்தில் முதலில் 'வேதனை' என்று இருந்தது. முடிச்சுப் போடுகிற அம்மா ஒருவர்தான் அதை எடுத்துவிடச் சொன்னார். "வேதனையெல்லாம் இல்ல, நூலு கோக்க மகள கூப்புட வேண்டியிருக்கு, அம்புட்டுத்தான்" என்றார். இன்னும் 41,000 வேண்டும் என்பது எழுதாமலே தெரிகிறது. கெஞ்சவும் வேண்டியிருக்கவில்லை.

விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையில் பெயர் கூப்பிட்டுக் கண்ணாடி கொடுத்துப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். மானப் பிரச்னை மட்டுமல்ல இது. வேறொரு ஊரில் ஒரு சங்கம் அப்படிக் கொடுத்தபோது வரிசை குழம்பி, ஒருவருடைய பவர் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் தலைவலி. ஆளை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, கண்ணாடி மூக்கிலும் காதிலும் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, துணியைக் கையில் கொடுத்து ஒரு முடிச்சுப் போடச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஆளுக்குப் பத்து நிமிடமாவது ஆகும். மேடைக்கு அது ஒத்துவராது.

நேரமும் அப்படித்தான். மல்லிகை மொட்டு சாயங்காலம் மலர்ந்துவிடும், அதற்குள் கட்டி முடிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வரச்சொல்லி, சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்கு வந்தால், இலவசக் கண்ணாடிக்கு அந்தம்மா ஒரு நாள் கூலியை விலையாகக் கொடுக்கிறார். ஃப்ளெக்ஸில் விருந்தினருக்கு 'உயர்திரு'. வெயிலில் காத்திருப்பவர்களுக்கு 'பயனாளிகள்'. பயனாளி என்ற சொல் கணக்குப் புத்தகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மைக்கில் 'பூக்கட்டுகிறவர்கள்' என்றே சொல்லலாம், கூப்பிடும் பெயருக்கு முன்னால் 'திருமதி' சேர்க்கலாம்.

யார் ஏழை என்று நிரூபிக்கச் சொல்லும் பழக்கத்துக்கும் நம் ஊரிலேயே மாற்று இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டும் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை வருகிறவரே தீர்மானித்துக்கொள்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. 160 பேருக்கு 450 ரூபாய்க் கண்ணாடி கொடுக்கும் நாம் ரேஷன் கார்டு நகலும் இரண்டு போட்டோவும் கேட்கிறோம்.

அந்த ஃப்ளெக்ஸில் இப்போது முகம் இல்லை. நாரும் மொட்டும் பிடித்த இரண்டு கைகள் இருக்கின்றன. அந்தம்மா வளையலை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, அவரே சொன்ன வெளிச்சத்தில் எடுத்த படம்.

அடுத்து வசூல் தொடங்கும் சங்கத்தார், வாசகம் முடிவானதும் என்னிடம் ஒரு மாதிரி வாங்கிக்கொண்டு போய், யாருக்காக வசூலிக்கிறீர்களோ அவர்களில் மூன்று பேருக்காவது வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் சொல்லும் திருத்தம் எத்தனை முறை வந்தாலும் தனியாகக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்காரன்