பொஸ்பேற்றுச் சோதனையில் விடுபட்ட வெற்று மாதிரி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் பேரை வாவி நீரில் பொஸ்பேற்று அளப்பது பற்றி வெளிவந்த செய்முறையில், "காய்ச்சி வடித்த நீரால் கருவியைப் பூச்சியமாக்கி, நீல நிறம் தோன்றியதும் வாசிப்பை எடுக்கவும்" என்று இருந்தது. இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். உயர்தர மாணவர்கள் இதைச் செயற்றிட்டத்துக்காக அப்படியே பின்பற்றுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

காய்ச்சி வடித்த நீரால் பூச்சியமாக்குவது தவறில்லை. அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. 50 மில்லிலீற்றர் மாதிரிக்கு 8 மில்லிலீற்றர் கலவைச் சோதனைப்பொருள் சேர்க்கிறோம். அதில் சல்பூரிக் அமிலம், அமோனியம் மொலிப்டேற்று, அஸ்கோபிக் அமிலம், சிறிதளவு அந்திமனி உப்பு ஆகியவை உள்ளன. இவற்றிலும் நீரிலும் கண்ணாடிப் பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும் பொஸ்பேற்றும் நீலமாகும். ஆகவே 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீருக்கும் அதே 8 மில்லிலீற்றரைச் சேர்த்து, அதே நேரம் வைத்திருந்து வாசிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் நாங்கள் பிளாங்க் என்று சொல்லும் வெற்று மாதிரி அதுதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு சென்ரிமீற்றர் அகலக் கியூவெற்றுக் குழாயில், 880 நனோமீற்றர் ஒளியில், செறிவு தெரிந்த நியமக் கரைசல்களை வைத்து வரைந்த கோடு, லீற்றருக்கு 1 மில்லிகிராம் பொஸ்பரசுக்கு 0.58 அகத்துறிஞ்சல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாவி நீர் 0.041, வெற்று மாதிரி 0.012. கழித்தால் 0.029, அதை 0.58 ஆல் வகுத்தால் லீற்றருக்கு 0.05 மில்லிகிராம். கழிக்காமல் வகுத்தால் 0.07. அழுக்கு வாவியில் இருந்ததா, பாத்திரம் கழுவிய சவர்க்காரத்தில் இருந்ததா என்று எந்த மாணவர் பிரித்துச் சொல்வார்? வெற்று மாதிரி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனால் முதலில் பாத்திரங்களை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவ வேண்டும், சவர்க்காரம் கூடாது. கலவையையும் அன்றன்றே தயாரிக்க வேண்டும், அது நான்கு மணி நேரத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல.

அடுத்தது "தோன்றியதும்" என்ற சொல். நீலம் கண்ணுக்குத் தெரிவது நிறம் முழுமையாவதற்கு முன்னரே. குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, முப்பது நிமிடத்துக்குள் வாசித்துவிட வேண்டும். முந்தினால் வாசிப்புக் குறையும். பிந்தினால் மிகையான மொலிப்டேற்றும் மெல்லத் தாழ்த்தப்படும், அமிலத்தில் சேதனப் பொஸ்பேற்றுகளும் உடையத் தொடங்கும், வாசிப்புக் கூடும். பத்துக் குடுவை இருந்தால் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றுக்கும் சோதனைப்பொருளைச் சேர்த்து, அதே இடைவெளியில் வாசிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரியை உடனே சோதித்தால் நிறம் தாமதமாகும். போதாக்குறைக்கு, கொழும்பின் ஈரக் காற்றில் கியூவெற்றின் வெளிப்புறம் வியர்த்து, பொய்யான அகத்துறிஞ்சலும் காட்டும்.

பேரை வாவியின் பச்சை நீரை வடிகட்டச் சொல்லாததையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பாசி ஒளியைச் சிதறடிக்கும், அமிலத்தில் உடைந்து தன் பொஸ்பேற்றையும் விடும். 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்த பின்னும் நீர் நிறமாக இருந்தால், அஸ்கோபிக் அமிலமும் அந்திமனி உப்பும் இல்லாத கலவையை அதே நீருக்குச் சேர்த்து இன்னொரு வெற்று மாதிரி எடுத்து, அதையும் கழிக்க வேண்டும்.

இது முதல் தடவையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். முன்னர் ஒரு கட்டுரையில் பொஸ்பரசையும் பொஸ்பேற்றையும் ஒன்றாக அச்சிட்டீர்கள், 0.05 மில்லிகிராம் பொஸ்பரசு என்பது 0.153 மில்லிகிராம் பொஸ்பேற்று, மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்றில் நைத்திரைற்றுச் சோதனையின் இளஞ்சிவப்பை நைத்திரேற்று என்று எழுதினீர்கள். கட்மியத்தால் தாழ்த்தாமல் நைத்திரேற்று அந்த நிறத்தைத் தராது. இரண்டு தடவையும் கடிதம் அனுப்பினேன், ஒரு வரியும் வெளிவரவில்லை. சினிமாப் பக்கத்தில் நடிகர் ஒருவரின் பெயர் பிழைத்தால் மறுநாளே திருத்தம் வருகிறது. மாணவர் பக்கத்துக்கு அந்த மரியாதை கிடையாதா, ஐயா?

நான் கேட்பது இரண்டு வரிதான். அடுத்த வாரம் அதே பக்கத்தில், "சோதனைப்பொருள் சேர்த்த வெற்று மாதிரியைக் கழிக்கவும்; 10 முதல் 30 நிமிடத்துக்குள், எல்லாக் குடுவைக்கும் ஒரே நேர அளவில் வாசிக்கவும்" என்று போடுங்கள். என் பெயர் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06