காய்ச்சல் விட்டுப்போச்சுதான், ஆனா நான் அன்னிக்கு வார்டுலதான் இருந்தேன்: பிராக்டிக்கல் ஸ்லாட் கேட்டு எங்க காலேஜுக்கு ஒரு திறந்த மடல்

பிரின்சிபால் மேடம், கன்ட்ரோலர் சார், எங்க எச்ஓடி மேடம், மூணு பேருக்கும் வணக்கம்.

நான் இரண்டாம் வருஷ பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, ஷிஃப்ட் ஒன், பிராக்டிக்கல்ல முதல் பேட்ச். நவம்பர் 3, திங்கக்கிழமை காலைல 10 மணிக்கு நடந்த வால்யூமெட்ரிக் பிராக்டிக்கலுக்கு நான் வரல. ஏன் வரலைன்னு லெட்டரும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்துக்கிட்டு அப்பா நேத்து சாயந்தரம் ஆஃபீசுக்கு வந்தாங்க, அங்க அதைப் படிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்காங்க. "31-ஆம் தேதியே காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு இதுலயே போட்டிருக்கே, அப்புறம் 3-ஆம் தேதி எக்ஸாமுக்கு வர என்ன கஷ்டம்?" அப்பாவுக்கு பதில் சொல்லத் தெரியல, பேப்பரை மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டு வந்துட்டாங்க. அந்தக் கேள்விக்கு பதில்தான் இந்த மடல். இதே கேள்வி இந்த மழைக்காலத்துல என்னைத் தவிர இன்னும் ரெண்டு மூணு பேர்கிட்டயும் கேட்கப்படும்னு தெரியும், அதான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுறேன்.

நடந்ததை தேதி வாரியா சொல்லிடறேன். அக்டோபர் 27 திங்கக்கிழமை ராத்திரி காய்ச்சல் ஆரம்பிச்சுது, கண்ணுக்குப் பின்னாடி வலி, முட்டிக்கு முட்டி வலி. 29-ஆம் தேதி கவர்மென்ட் ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தாங்க, டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ். 30-ஆம் தேதி பிளேட்லெட் 92,000, உடனே அட்மிட் ஆகச் சொன்னாங்க (நல்லா இருக்கிறவங்களுக்கு குறைஞ்சது ஒன்றரை லட்சமாவது இருக்கணும்). 31-ஆம் தேதி மத்தியானம் நல்லா வேர்த்து காய்ச்சல் சுத்தமா இறங்கிருச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம், அம்மாகிட்ட ரெக்கார்ட் நோட்டை வீட்லருந்து எடுத்துட்டு வரச் சொன்னேன், திங்கக்கிழமை நேரா எக்ஸாமுக்குப் போயிடலாம்னு.

1-ஆம் தேதி 48,000. 2-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை சாயந்தரம் 27,000. எக்ஸாம் அன்னிக்கு காலைல 6 மணிக்கு எடுத்த ரத்தத்துல 29,000.

இங்கதான் விஷயமே இருக்கு. டெங்குல காய்ச்சல் இறங்கினா நோய் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆபத்தான கட்டம் பல பேருக்கு அப்பதான் ஆரம்பிக்கும். காய்ச்சல் இறங்குற நேரத்துலருந்து அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ரத்தக் குழாய்லருந்து தண்ணி வெளிய கசியறது, பிரஷர் திடீர்னு இறங்கறது, பல் ஈறுலருந்து ரத்தம் வர்றது இதெல்லாம் நடக்கக்கூடிய நேரம், பிளேட்லெட் ரொம்ப அடிமட்டத்துக்குப் போறதும் இதே நேரத்துலதான். ஞாயித்துக்கிழமை நான் டியூட்டி டாக்டர்கிட்ட "காய்ச்சல்தான் இல்லையே மேடம், காலைல மூணு மணி நேரம் மட்டும் போயிட்டு வந்துடறேனே"ன்னு கெஞ்சினேன், அவங்க சிரிச்சுட்டு "காய்ச்சல் அடிக்கும்போது நீ பயப்படுவ, காய்ச்சல் விட்ட பிறகு நாங்க பயப்படுவோம்மா"ன்னு சொல்லிட்டு வயித்துவலி இருக்கா, வாந்தி வருதா, ஈறுல ரத்தம் வருதான்னு வரிசையா கேட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா நர்ஸ் அக்கா வந்து வந்து பிரஷர் பார்த்தாங்க, கொசுவலையைத் தூக்கி உள்ள கையை விட்டு பார்த்துட்டு மறுபடி சொருகிட்டுப் போவாங்க. சித்தி ஒரு பக்கம் பப்பாளி இலை சாறு, பக்கத்து பெட் பாட்டி ஒரு பக்கம் நிலவேம்பு, அது தனிக்கதை.

அதனால டிஸ்சார்ஜ் சம்மரில "31-ஆம் தேதி முதல் காய்ச்சல் இல்லை"ங்கிற வரியை மட்டும் படிக்காம அதுக்குக் கீழ இருக்கிற பிளேட்லெட் வரிசையையும் சேர்த்துப் படிக்கணும்னு கேட்டுக்கறேன். 3-ஆம் தேதிக்கு நேரா 29,000னு இருக்கு. 4-ஆம் தேதி 52,000, 5-ஆம் தேதி 96,000, அன்னிக்கு மத்தியானம்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆகணும், பிளேட்லெட் 50,000 தாண்டி ஏறிக்கிட்டே இருக்கணும், அதைப் பார்த்துட்டுதான் விடுவாங்க.

ஆஃபீஸ்ல இன்னொண்ணும் சொன்னாங்களாம், லேப் ரிப்போர்ட்ல ஐஜிஎம் நெகட்டிவ்னு இருக்கு, அப்ப டெங்குவே இல்லையேன்னு. அந்த ரத்தம் எடுத்தது காய்ச்சல் வந்த மூணாவது நாள். ஐஜிஎம்ங்கிறது நம்ம உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பொருள், பொதுவா அஞ்சாவது நாள் வாக்குலதான் டெஸ்ட்ல தெரிய ஆரம்பிக்கும். என்எஸ்1 வைரஸோட சொந்த புரோட்டீன், அது முதல் நாலஞ்சு நாள்லயே தெரியும். மூணாவது நாள்ல என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்னு வந்தா அது டெங்குதான், ஆரம்பத்துலயே பிடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்.

சந்தேகப்படறதையும் நான் தப்பு சொல்லல. காசு குடுத்தா "வைரல் ஃபீவர், 5 நாள் ரெஸ்ட்"னு எழுதித் தர்ற சர்ட்டிஃபிகேட் எங்க கிளாஸ்லயே சுத்தியிருக்கு, உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். அதுல எல்லாம் பார்த்தீங்கன்னா ஒரு டாக்டர் கையெழுத்து இருக்கும், ஒரு சீல் இருக்கும், அவ்ளோதான், டெஸ்ட் ரிப்போர்ட் எதுவும் கூட இருக்காது, பல நேரம் எக்ஸாம் முடிஞ்ச பிறகு பின்தேதி போட்டு வாங்கினதா இருக்கும். நான் குடுத்திருக்கிற ஃபைல்ல டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கு, அதுல ஐபி நம்பர், அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி எல்லாம் இருக்கு. ரத்த ரிப்போர்ட் ஒவ்வொண்ணுலயும் சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும் பிரிண்ட் ஆகியிருக்கு, மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்ல டாக்டரோட கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் இருக்கு. ஐபி நம்பரை வச்சு ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்ஷன்ல காலேஜே கேட்டுப் பார்க்கலாம், அதுக்கு சம்மதம்னு நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் ஃபைல்லயே வச்சிருக்கோம்.

என் பக்கம் ஒரு தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். அட்மிட் ஆன விஷயத்தை கிளாஸ் இன்சார்ஜ் மேடத்துக்கு 31-ஆம் தேதியே வாட்ஸ்ஆப்ல அனுப்பிட்டேன், ஆனா கன்ட்ரோலர் ஆஃபீசுக்கு மெயில் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல, 3-ஆம் தேதி மத்தியானம் 1 மணிக்கு எக்ஸாம் முடியற நேரத்துலதான் அண்ணன் போட்டான். கடைசி நிமிஷம் வரைக்கும் போயிடலாம்னு நானே நம்பிட்டு இருந்ததுதான் காரணம். அதுக்கு என்ன ஃபைன் கட்டணும்னாலும் கட்டறேன்.

இப்ப நான் கேக்கிறது என்னன்னா, எனக்குன்னு தனியா ஒரு எக்ஸாம் வைங்கன்னு கேக்கல. அது எவ்ளோ கஷ்டம்னு லேப்ல ரெண்டு வருஷமா நிக்கிறவளுக்குத் தெரியும். பர்மாங்கனேட் கரைசலை முன்னாடியே தயார் பண்ணி வடிகட்டி பிரவுன் பாட்டில்ல வைக்கணும், நாள் ஆக ஆக அதோட ஸ்ட்ரெங்த் மாறும், ஒருத்திக்காக லேப் அண்ணன் இதையெல்லாம் மறுபடி பண்ணணும், எக்ஸ்டர்னல் எக்ஸாமினரை இன்னொரு நாள் வரவழைக்கணும், அவங்களுக்குப் படி குடுக்கணும். இது எதுவும் வேண்டாம். இதே பேப்பர் ஷிஃப்ட் டூ பசங்களுக்கு நவம்பர் 12, 13 மத்தியானம் இருக்கு. அதே சிலபஸ், கரைசல் எப்படியும் அன்னிக்கு புதுசா போடுவாங்க, எக்ஸ்டர்னலும் எப்படியும் வருவாங்க. 12-ஆம் தேதி பேட்ச்ல ஒரு பியூரெட் ஸ்டாண்ட் காலியா இருந்தா அதுல என்னை நிக்க விடுங்க, அன்னிக்கு முடியலைன்னா 13.

கேள்வி தெரிஞ்சிருக்குமேன்னு யாராவது சொல்லலாம். எங்க லேப்ல சீட்டு குலுக்கிதான் எக்ஸ்பெரிமென்ட் எடுக்கிறோம், ஆக்ஸாலிக் ஆசிட் வருமா ஃபெரஸ் அயன் வருமான்னு சீட்டு பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதே எக்ஸ்பெரிமென்ட் விழுந்தாலும் கையில குடுக்கிற அன்னோன் கரைசலோட அளவு ஆளுக்கு ஆள் வேற, முதல் பேட்ச் பொண்ணுங்க டைட்டர் வேல்யூவை நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்தாக்கூட ஒரு மில்லிகிராம் பிரயோஜனம் இல்ல. வேணும்னா எல்லாரும் எடுத்த பிறகு கடைசியா மிச்சம் இருக்கிற சீட்டைக் குடுங்க.

நாளைக்கே ஏன் வரக்கூடாதுன்னா, நாலாவது பேட்ச் நாளைக்கு 7-ஆம் தேதி, டாக்டர் 10-ஆம் தேதி வரைக்கும் ரெஸ்ட் எழுதியிருக்காங்க, அன்னிக்கு ரிவ்யூ, இன்னொரு தடவை பிளேட்லெட் பார்த்துட்டு ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் தருவாங்க. அது இல்லாம லேப்ல விட்டா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா காலேஜுக்குத்தான் தலைவலி, கண்ணாடி சாமான் எல்லாம் உடையற இடம் அது. இன்னொண்ணு, வென்ஃப்ளான் போட்டது இடது கைல, புறங்கை இன்னும் வீங்கித்தான் இருக்கு. பியூரெட் குழாயைத் திருகறது இடது கைலதான், வலது கைல ஃபிளாஸ்க்கைச் சுத்தணும். நேத்து வீட்ல சும்மா தண்ணி குழாயைத் திருகிப் பார்த்தேன், வலிச்சுது. கடைசி ஒரு சொட்டுல ரோஸ் கலர் வந்து அரை நிமிஷம் நிக்கணும், அந்த ஒரு சொட்டுக்கு இந்தக் கை இப்போதைக்கு அடங்காது. 12-ஆம் தேதிக்குள்ள வீக்கம் வத்திரும்னு சொல்லியிருக்காங்க.

ரெக்கார்ட் முழுசா முடிஞ்சு பொனஃபைட் பக்கத்துல மேடம் கையெழுத்து வாங்கியாச்சு, இன்டர்னல் மார்க்கும் போட்டாச்சு. மிச்சம் இந்த மூணு மணி நேரம் மட்டும்தான். மார்க் ஷீட்ல என் நம்பருக்கு நேரா ஆப்சென்ட்னு எழுதி சீல் வச்சுட்டா அப்புறம் இது அரியர், நம்ம காலேஜ்ல இந்த பிராக்டிக்கல் மறுபடி வர்றது அடுத்த வருஷம் இதே செமஸ்டர்லதான், அப்ப நான் மூணாவது வருஷம், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்றவங்க முதல்ல கேக்கிறதே அரியர் இருக்கான்னுதான். அதனால ஷிஃப்ட் டூ எக்ஸாம் முடியற வரைக்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டு வைங்க சார்.

10-ஆம் தேதி ரிவ்யூ முடிஞ்சதும் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட்டோட அப்பா மறுபடி ஆஃபீசுக்கு வருவாங்க. இந்தத் தடவை அவங்களை உக்கார வச்சு, ஃபைல்ல மூணாவது பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க, பிளேட்லெட் வரிசை அங்கதான் இருக்கு, 3-ஆம் தேதி வரியை நான் பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வருஷ கெமிஸ்ட்ரி, முதல் பேட்ச் மாணவி
நவம்பர் 6